ஒரே நிறத்தில் இருந்த பழங்கள்

பிரிஜெட் பதினாறு வருஷம் சட்டைகளைப் பார்த்தவர். பெங்களூரில் ஹோசூர் ரோடு பக்கம் இருந்த ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, காலரைப் பார்த்து, கையைப் பார்த்து, பட்டனை இழுத்துப் பார்த்துத் தள்ளிவிட வேண்டும். கையின் நீலமும் உடம்பின் நீலமும் கொஞ்சம் வேறாக இருந்தால் அதற்கு ‘ஷேடு’ என்று பெயர். ஷேடு வந்த சட்டையை ஒதுக்கிப் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் ஷேடை பிரிஜெட் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

ஜனவரியில் ஒருநாள் காலை ஃபேக்டரி கேட்டில் பூட்டும் ஒரு காகிதமும் தொங்கின. பெண்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிரிஜெட் அழவில்லை. நடந்தே ஈஜிபுராவில் இருந்த வீட்டுக்கு வந்து, திறக்காத டிபன் பாக்ஸைத் திறந்து, சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்தார். அதன்பிறகு நான்கு மாதமாக அவருக்கு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. பசிக்கும், சாப்பிடுவார். யாராவது சிரித்தால் அவரும் சிரிப்பார். உடம்பில் ஊசி போட்ட இடம் மரத்துக் கிடப்பதுபோல உள்ளே ஏதோ கிடந்தது.

மே மாதம் ஒரு தள்ளுவண்டியை வாடகைக்கு எடுத்து மாம்பழம் விற்க வந்தார். கையில் மிச்சமிருந்த பணத்தில் வண்டிக்கு அட்வான்ஸ் போக, ஒரு லோடு பழம் வாங்கத்தான் இருந்தது. அந்த லோடை விற்றால்தான் அடுத்த லோடு. அதனால் ஒரு நாள் பழம் காசாகாமல் போனால் வியாபாரமே முடிந்தது. இது அவருக்கும் தெரியும், பக்கத்து வண்டிக்காரன் சீனுவுக்கும் தெரியும்.

சீனுதான் அவருக்கு பஸ் ஸ்டாப் பக்கத்தில் தன் வண்டியை ஒட்டி இடம் கொடுத்தவன். முப்பது வயதிருக்கும். அந்த வரிசையில் நாலைந்து பழ வண்டிகள். அவன் சொல்வதுதான் அங்கே பேச்சு. முதல் நாளே ஒரே ஒரு சட்டம் சொன்னான்.

“அக்கா, தெரு லைட்டு எரியற வரைக்கும் யாரும் விலையை இறக்கக்கூடாது. லைட்டு வந்துச்சா, அப்புறம் நீ சும்மாகூட குடு, நான் கேக்க மாட்டேன்.”

“ஏன் அப்படி?”

“மத்தியானம் நீ எண்பதை அறுபது ஆக்குனா, நானும் ஆக்கணும். நான் ஆக்கினா அந்தக் கடைசி வண்டியும் ஆக்கணும். அதோட போச்சா? நாளைக்கு ஜனங்க மத்தியானம் வந்து, ‘எப்போ இறக்குவீங்க’ன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. எல்லாரும் வெயில்ல நின்னு ஈ ஓட்டிட்டு இருக்க வேண்டியதுதான்.”

பிரிஜெட் தலையாட்டினார். ஃபேக்டரியிலும் சட்டங்கள் இருந்தன.

முதல் சில நாட்கள் சீனுவோடு சேர்ந்தே மண்டிக்குப் போய், அவன் காட்டியதை வாங்கினார். அவன் வாங்கும் பெட்டியில் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் செங்காய், மேலே நாலு பழுத்தது என்று எல்லாம் கலந்து கிடக்கும். அவற்றை பிரிஜெட் வண்டியில் அடுக்கும்போது கை நின்றுவிடும். பச்சையும் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால், ஏதோ தவறாகத் தைத்ததுபோல இருக்கும். பச்சையை எல்லாம் ஒரு வரிசை, மஞ்சளை ஒரு வரிசை என்று பிரித்து, ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து வைப்பார்.

“அக்கா மாம்பழத்துக்கு இஸ்திரி போடறாங்கப்பா!” என்று சீனு வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். பிரிஜெட்டும் சிரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை சீனுவிடம் முந்தின நாள் சரக்கே மிச்சமிருந்ததால் அவன் மண்டிக்கு வரவில்லை. பிரிஜெட் தனியாக கூட்ஸ் ஆட்டோவில் போனார். மண்டியில் வழக்கமாக வாங்கும் ஏஜென்ட் கிருஷ்ணப்பா, கலப்புப் பெட்டிகளை ஒரு பக்கமும் வேறு நான்கு பெட்டிகளை இன்னொரு பக்கமும் வைத்திருந்தார். அந்த நான்கு பெட்டிகளைப் பார்த்ததும் பிரிஜெட் நின்றுவிட்டார். ரஸ்புரி மாம்பழம். எல்லாம் ஒரே மஞ்சள். மேலே உள்ளது, நடுவில் உள்ளது, ஓரத்தில் உள்ளது, எதிலும் ஒரு துளி வித்தியாசம் இல்லை. கையை அடிவரை விட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். அதுவும் அதே மஞ்சள்.

“இது என்ன ரேட்டு?”

“அது கம்மி தாயி. கிலோ முப்பத்தஞ்சு போட்டு எடுத்துக்கோ. கலப்பு அம்பது.”

“இது நல்லாயிருக்கே. ஏன் கம்மி?”

கிருஷ்ணப்பா அவரை ஒரு மாதிரி பார்த்தார். “நல்லாதான் இருக்கு. இன்னைக்கு நல்லாயிருக்கு. பேகா வித்துடணும், அவ்வளவுதான்.”

அவர் ஏமாற்றவில்லை. பேகா என்றால் சீக்கிரம் என்று பெங்களூரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிரிஜெட் காதில் விழுந்தது ‘நல்லாயிருக்கு’ என்பதும், கண்ணில் நின்றது அந்த மஞ்சளும்தான். பதினாறு வருஷமாக அப்படி ஒரே நிறத்தில் ஒரு கட்டு வந்தால் அதுதான் முதல் தரம். நான்கு பெட்டியையும் எடுத்தார். கையிலிருந்த பணம் தீர்ந்தது.

சட்டை வேறு, மாம்பழம் வேறு. ஒரே நிறமாக இருக்கும் நூறு சட்டையும் ஒரு வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும். இன்று விற்காததைப் பெட்டியில் போட்டு மூடி நாளை விற்கலாம். ஒரே நிறமாக இருக்கும் நூறு மாம்பழம் என்றால், நூறும் ஒரே நாளில் பழுத்தவை, நூறும் ஒரே நாளில் கெடப்போகிறவை. சீனு வாங்கும் கலப்புப் பெட்டியில் மேலே இருக்கும் நாலு பழம் இன்றைக்கு, செங்காய் நாளைக்கு, பச்சை அதற்கு மறுநாளுக்கு. அவனுக்கு ஒவ்வொரு சாயங்காலமும் தள்ளிவிட வேண்டியது நாலைந்து கிலோதான். அதனால்தான் அவனால் லைட் எரியும்வரை காத்திருக்க முடிகிறது.

வண்டியைப் பார்த்ததும் சீனு கையில் இருந்த டீயைக் கீழே வைத்தான்.

“அய்யோ அக்கா, என்ன இது? எல்லாம் பழமாவே எடுத்துட்டு வந்திருக்கே?”

“ஒண்ணுகூட ஷேடு இல்ல, பாரு.”

“ஷேடா? அக்கா, இது ராத்திரி தாங்காது. ரஸ்புரி தோலு காகிதம் மாதிரி. இதை இன்னைக்கே முடிக்கணும்.”

“முடிச்சிடலாம்,” என்றார் பிரிஜெட். குரலில் பயம் இல்லை. பயப்பட வேண்டிய இடம் இது என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் பயம் வரவில்லை.

காலை வியாபாரம் நன்றாகவே போனது. மஞ்சளாக அடுக்கிய வண்டியைப் பார்த்துப் பலர் வந்தார்கள். எண்பது ரூபாய்க்கே வாங்கினார்கள். பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறியது. தெருவில் ஆள் குறைந்தது. மத்தியானம் ஒரு பெட்டிதான் காலியாகியிருந்தது.

மூன்று மணிக்கு யூஜின் வந்தார். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜூஸ் கடை அவருடையது. பிரிஜெட் போகும் மாதா கோயிலுக்குத்தான் அவரும் போவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் பார்த்துப் பேசிக்கொள்வது உண்டு.

“என்ன பிரிஜெட், வாசனை என் கடை வரைக்கும் வருது. கஸ்டமர் எல்லாம் என் கிட்ட ஆரஞ்சு ஜூஸ் கேட்டுட்டு உன் வண்டியப் பாக்கறான்.”

“வாங்கிக்கோங்கண்ணா.”

யூஜின் ஒரு பழத்தை எடுத்துக் காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் இறங்கியது. “ரெண்டு பெட்டி எடுத்துக்கறேன். கிலோ இருபது.”

“வாங்கினதே முப்பத்தஞ்சுண்ணா.”

“நீ எவ்வளவுக்கு வாங்கினேன்னு நான் கேக்கலம்மா. இது இப்போ என்னன்னு பாத்துச் சொல்றேன். எனக்கு அழகு வேண்டாம், மிக்ஸியில போடறதுக்குத்தானே. சாயங்கால கூட்டத்துக்கு அடிச்சு ஃப்ரீஸர்ல வெச்சுக்குவேன்.”

“முப்பத்தஞ்சுக்குக் கீழ எப்படிண்ணா குடுக்கறது?”

“யோசி. அஞ்சு மணிக்கு வந்தேன்னா இருபதும் சொல்ல மாட்டேன்,” என்று சிரித்துவிட்டுப் போனார்.

இங்கேதான் பிரிஜெட் தவறினார். முப்பத்தைந்து ரூபாய் காலையிலேயே கிருஷ்ணப்பாவின் கைக்குப் போய்விட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் விட்டாலும் அது திரும்பி வராது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பழம் இப்போது எவ்வளவு தரும், இன்னும் இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு தரும். சட்டையாக இருந்தால் காத்திருந்தால் நல்ல விலை வரலாம். பழம் காத்திருக்காது. இது தெரிந்த யூஜின் அவசரப்படாமல் தெருவைக் கடந்து போனார்.

பிரிஜெட் பழங்களைப் புரட்டினார். மூன்று பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்ததால் அடிப்பெட்டியில் சில பழங்கள் நசுங்கிச் சாறு விட்டிருந்தன. சாறு பட்ட பக்கத்துப் பழமும் வழுவழுத்தது. காம்பு ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழுந்தவற்றைப் பழக்க தோஷத்தில் தனியாக எடுத்து வண்டியின் பின்பக்கம் போட்டார். செக்கிங்கில் அப்படித்தான்: ரிஜெக்ட் கடைசியில் பார்ப்பது. ஆனால் முதலில் விற்க வேண்டியவையே அந்தப் புள்ளி விழுந்தவைதான். அரைமணி நேரத்தில் அந்தக் குவியலைச் சுற்றிச் சின்னக் கொசுபோல ஈக்கள் வட்டமிட்டன.

“அக்கா, அதை முன்னாடி வெச்சு வித்திருக்கணும்,” என்றான் சீனு.

“இப்போ அம்பதுன்னு சொல்லட்டுமா சீனு?”

“லைட்டு எரியட்டும் அக்கா.” அவன் அவரைப் பார்க்காமல் சொன்னான். “நானும் பாக்கறேன், உன் பழம் கெட்டுட்டுதான் இருக்கு. ஆனா இன்னைக்கு உனக்காக விட்டா, நாளைக்கு அந்தக் கடைசி வண்டிக்காரன் கேப்பான்.”

ஐந்து மணிக்கு வானம் கறுத்தது. மே மாதத்தில் பெங்களூருக்கு இது வழக்கம். முதலில் புழுதிக் காற்று, பிறகு பெரிய பெரிய துளிகள். எல்லோரும் வண்டிகளின் மேல் தார்ப்பாய் இழுத்தார்கள். மழை ஒரு மணி நேரம் அடித்தது. ஆபீஸ் விட்டு வரும் கூட்டம் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைகளின் கூரைக்கு ஓடியது. யாரும் பழம் பார்க்கவில்லை. எங்கோ ஒரு மரம் விழுந்திருக்க வேண்டும், படாரென்று கரண்ட் போனது.

மழை விட்டது. ஏழு மணி ஆனது. தெருவிளக்கு எரியவில்லை.

வரிசையில் இருந்த எல்லோரும் கம்பத்தைப் பார்த்தார்கள்.

“லைட்டு எரியலையே சீனு,” என்றார் பிரிஜெட்.

“வரும், வரும்.”

“வரலைன்னா?”

சீனு தன் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை உதறினான். இந்தச் சட்டத்தைப் போட்டபோது கரண்ட் போவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அவனுக்கு அது பெரிய விஷயமும் இல்லை. அவன் வண்டியில் இருந்ததில் பாதி செங்காய்.

பிரிஜெட் தெருவைக் கடந்து யூஜின் கடைக்குப் போனார். யூஜின் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, இருபதுக்கே எடுத்துக்கோங்க.”

“நீ இப்போ வர்றியாம்மா?” யூஜின் கையை விரித்தார். “மிக்ஸி எப்படி ஓடும்? ஃப்ரீஸரும் ஓடல. உள்ள இருக்கற பாலே என்ன ஆகுமோன்னு உக்காந்திருக்கேன்.”

“பத்து?”

“பத்துன்னாலும் வெச்சுக்க இடம் இல்லம்மா. கோவிச்சுக்காத.”

திரும்பி வந்து வண்டி முன் நின்றார். தார்ப்பாயை எடுத்ததும் மூடிவைத்த சூட்டில் பழம் புளித்த வாசனை கிளம்பியது. இன்னும் நாற்பது கிலோவுக்குக் குறையாது. கட்டைவிரலால் ஒன்றை அழுத்தினார். விரல் உள்ளே போனது. நாளை காலை வரை வைத்தால் இதைக் குப்பைக்காரரும் கேட்கமாட்டார். இப்போது விலையை இறக்கி விற்றால் நாளை இந்த இடம் இருக்காது. விற்காவிட்டால் இடம் இருக்கும், வைக்கப் பழம் இருக்காது. இரண்டையும் யோசித்தார். நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. கை மட்டும் மொபைலை எடுத்து டார்ச்சைப் போட்டுத் தராசின் மேல் சாய்த்து வைத்தது.

“கிலோ முப்பது,” என்றார். இரண்டாம் தடவை கத்தினார். “ரஸ்புரி கிலோ முப்பது! முப்பது!”

சீனு திரும்பினான். “அக்கா!”

அதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் திரும்பிவிட்டார்கள். இருட்டில் ஒரே ஒரு டார்ச் வெளிச்சத்தில் மஞ்சளாக ஒரு வண்டி. அந்த வரிசையில் வழக்கமாகப் பழம் வாங்கும் ஆஞ்சலா டீச்சர் அப்போது சீனுவிடம் செங்காய் வாங்கிக்கொண்டிருந்தார்; அதைத் தராசிலிருந்து எடுத்துத் திரும்ப அவன் வண்டியில் போட்டார். “இருப்பா, அங்க முப்பதாம்.” அவர் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் வந்தார்கள். எஷ்டு அக்கா, எஷ்டு என்று கன்னடத்தில் ஒருவர் விலை கேட்டார். முப்பது, முப்பது. கொஞ்ச நேரம் கழித்து இருபது. ஒழுகிய பழத்தைக் கிலோ பத்துக்கு ஒரு ஹோட்டல் ஆள் பக்கெட்டோடு எடுத்துப்போனார். பிரிஜெட்டின் கை எடைபோட்டது, பையில் போட்டது, காசு வாங்கியது. சட்டையை விரித்து மடித்துத் தள்ளும்போது இருந்த அதே வேகம்.

கூட்டம் விலகியதும் சீனு வந்து நின்றான்.

“உன் பழம் நாளைக்கு இருக்காது, சரி. என் காய் நாளைக்கும் இருக்கும். ஆனா விலை இருக்குமா? உன் சரக்கக் காப்பாத்த என் விலையக் கொன்னுட்டியே அக்கா.”

“லைட்டு எரியலையே,” என்றார் பிரிஜெட். அது சமாதானம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

“நாளைக்குப் பாரு,” என்று சீனு தார்ப்பாயை இறுக்கிக் கட்டினான். விலையை இறக்கி விற்காமல் மூடிவிட்டுப் போனான்.

காலையில் எண்பதுக்கு விற்றதும், இருட்டில் முப்பதுக்கும் இருபதுக்கும் விற்றதும் சேர்ந்து, போட்ட முதல் கிட்டத்தட்ட திரும்பிவிட்டது. லாபம் இல்லை. மறுநாள் காலை பிரிஜெட் மண்டியில் கிருஷ்ணப்பாவிடம் கலப்புப் பெட்டி மூன்று மட்டும் வாங்கினார். பச்சையும் செங்காயும் பழமும் கலந்து கிடந்தது கண்ணை உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

தன் இடத்தில் வண்டியை நிறுத்தினார். யாரும் தடுக்கவில்லை. சீனு டீ குடித்துக்கொண்டிருந்தான். பதினோரு மணிக்கு ஆஞ்சலா டீச்சர் வந்து பழத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“எவ்வளவு இன்னைக்கு?”

“எண்பது டீச்சர்.”

“எண்பதா? நேத்து முப்பதுக்குக் குடுத்தீங்களே.”

“அது நேத்துப் பழம் டீச்சர். இது வேற.”

“பழம்தானே? சரி, சாயங்காலமே வர்றேன்.” அவர் சீனு பக்கம் திரும்பி, “நீயும் சாயங்காலம்தானே இறக்குவே?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவருக்குப் பின் வந்த அம்மாவும் அதையே கேட்டார். அடுத்து வந்தவர் விலையைக்கூடக் கேட்கவில்லை, “லேட்டா வர்றேன்” என்று மட்டும் சொன்னார். பன்னிரண்டு மணி வரை அந்த வரிசையில் ஒரு கிலோ மாம்பழம் எண்பதுக்குப் போகவில்லை. கடைசி வண்டிக்காரர் சீனுவைக் கூப்பிட்டு ஏதோ பேசினார்.

சீனு வந்தான். சண்டை போடவில்லை. குனிந்து பிரிஜெட்டின் வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்துத் தள்ளி வைத்தான்.

“கொஞ்ச நாளைக்கு வேற பக்கம் பாத்துக்க அக்கா. ஜனங்களுக்கு நேத்து விலை மறக்கணும். நீ இங்க நின்னா மறக்காது.”

“எவ்வளவு நாள்?”

“தெரியல.” பிறகு அவனே தார்ப்பாயைச் சுருட்டி அவர் வண்டியில் வைத்துக் கொடுத்தான். “உள்தெருவுக்குப் போ. நின்ன இடத்துலயே நின்னு வித்தாத்தான் வெலையப் பத்தி பேசுவாங்க. தள்ளிட்டே போனா நேத்து நீ எங்க இருந்தேன்னு யாருக்குத் தெரியும்?”

அவன் சொன்னதில் கோபம் எவ்வளவு, உதவி எவ்வளவு என்று பிரிஜெட்டால் பிரிக்க முடியவில்லை. வண்டியைத் தள்ளினார். மழையில் கரைந்த ரோட்டில் சக்கரம் குழிக்குக் குழி இறங்கி ஏறியது. தோள்பட்டை வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்தது.

இரண்டு தெரு தாண்டி ஒரு மாடி வீட்டு வாசலில் நிறுத்தினார். பெட்டியிலிருந்து புள்ளி விழுந்த பழங்களைப் பொறுக்கி வண்டியின் முன்பக்கம் வைத்தார். அதற்குப் பின்னால் செங்காய். பச்சையைச் சாக்கால் மூடினார். வெயில் இன்னும் உச்சியிலிருந்து இறங்கவில்லை.

முதல் மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். “மாம்பழம் எப்படி?”

பிரிஜெட் முன்னால் இருந்த பழம் ஒன்றை எடுத்துக் காம்புப் பக்கம் மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

“இன்னைக்கே சாப்பிடறதுக்காம்மா, நாளைக்கா?” என்று மேலே பார்த்துக் கேட்டார். “இன்னைக்குன்னா அறுபது.”

“இரு, வர்றேன்,” என்றது மாடி.